பிடிஎஃப்பை ஸ்லைடாக மாற்றினால் எழுத்து ஏன் இடம் மாறுகிறது?

பவர்பாயிண்டில் தயாரித்த ஸ்லைடுகளைப் பலரும் பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்புகிறார்கள். மூலக் கோப்பு தொலைந்து, அந்த பிடிஎஃப்பை மறுபடி திருத்தக்கூடிய ஸ்லைடாக மாற்றும்போதுதான் சிக்கல் தெரிகிறது. பிடிஎஃப்புக்குள் பெரும்பாலும் பத்தி, தலைப்பு என்ற பாகுபாடு கிடையாது. எந்த எழுத்துருவில் எந்த வடிவத்தை எங்கே வரைய வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கும். மாற்றும் மென்பொருள் அதிலிருந்து வாக்கியங்களை ஊகித்துக் கட்டுகிறது.

ஆகவே மாற்றுவதற்கு முன் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். இந்த ஒரு சோதனை பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால், பெரும்பாலும் அது ஸ்கேன் செய்த படம்; முதலில் ஓசிஆர் தேவை. ‘தமிழ்’ என்ற சொல் jkpo; என்று வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டெடுக்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் ஏமாற்றக்கூடியது. ‘கொள்கை’ என்பது ‘ெகாள்ைக’ என்று வரும். யூனிகோடில் முதலில் ‘க’, பிறகுதான் உயிர்க்குறி. ஆனால் கண்ணுக்குக் கொம்பு இடப்பக்கம் தெரிவதால், பிடிஎஃப் அதை முதலில் வரைந்து வைத்திருக்கிறது. மென்பொருள் வரைந்த வரிசையிலேயே அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. விஎஸ் கோட் போன்ற உரைத் திருத்தியில், ரெகுலர் எக்ஸ்பிரஷனை இயக்கி, முதல் வரியைத் தேடும் பெட்டியிலும் இரண்டாம் வரியை மாற்றும் பெட்டியிலும் இடுங்கள்:

```
([\u0BC6-\u0BC8])([\u0B95-\u0BB9])
$2$1
```

‘ெக’ என்பது ‘கெ’ ஆகும். பின்னால் நிற்கும் ‘ா’ சேர்ந்து ‘கொ’ ஆகிவிடும். முழுவதும் இடம் மாறிய உரையில் மட்டுமே இதைச் செய்யுங்கள். சரியாக இருக்கும் ‘கெட’ என்ற சொல்லை இது ‘கடெ’ ஆக்கிவிடும். ‘ஔ’காரக் குறியை இது சரிசெய்யாமல் போகலாம், அதைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்.

எழுத்து சரியானாலும் அமைப்பு சிதறியிருக்கும். லிப்ரே ஆஃபிஸ் டிராவில் பிடிஎஃப்பைத் திறந்தால் ஒரு பத்தியின் ஒவ்வொரு வரியும் தனிப் பெட்டியாக நிற்பதுண்டு. நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தால் அடுத்த வரி நகராது. பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து, Shape மெனுவில் Consolidate Text கொடுத்தால் ஒன்றாகும். அனிமேஷனும் பேச்சாளர் குறிப்புகளும் சாதாரணமாக எடுத்த பிடிஎஃப்பில் இல்லவே இல்லை, திரும்ப வராது.

வரைபடத்தில் கூடுதல் கவனம் தேவை. பார்வைக்கு அப்படியே இருக்கும் பட்டை வரைபடம், இப்போது வெறும் செவ்வகங்களின் தொகுப்பு. பின்னால் எண் அட்டவணை எதுவும் இல்லை. செவ்வகத்தை இழுத்து உயரமாக்கினால் அது எந்த எண்ணையும் குறிக்காத பட்டையாகிவிடும். வரைபடத்தில் அச்சான எண்களைப் பவர்பாயிண்டின் Insert, Chart வழியே தட்டச்சு செய்து புதிதாக வரைவதே சரி. எண்கள் அச்சாகாவிட்டால், கோப்பை அனுப்பியவரிடம் எக்செல் கேட்டு வாங்குங்கள்.