21 வரைவுகளில் 9 ஏன் வெளியாகவில்லை?

விளம்பர நிறுவனங்களில் இன்டர்னாகச் சேரும் பலருக்கு இப்போது கொடுக்கப்படும் முதல் வேலைகளில் இதுவும் ஒன்று: ஒரு கடைக்கோ நிறுவனத்துக்கோ ஏஐ கருவியைக் கொண்டு ஒரு வாரத்துக்கான இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பதிவுகளைத் தயாரிக்க வேண்டும். வாரம் முடிந்ததும் என்ன நடந்தது, என்ன தெரிந்துகொண்டோம் என்று மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

"21 பதிவுகள் தயாரித்தேன், வரவேற்பு நன்றாக இருந்தது, நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதினால் மேனேஜரால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. தவறாக ஏதாவது வெளியே போய்விட்டதா? கருவியால் நேரம் உண்மையிலேயே மிச்சமானதா? அடுத்த வாரம் எதை மாற்ற வேண்டும்?

இந்த மூன்றுக்கும் விடை சொல்லும் மின்னஞ்சல் எப்படி இருக்கும் என்பதை ஒரு மாதிரியோடு பார்ப்போம். விளக்கத்துக்காக அமைத்த உதாரணம் இது. கோவையில் ஒரு சிறிய விளம்பர நிறுவனம். அதன் வாடிக்கையாளர் காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் கடைக்காரர்.

அந்த மின்னஞ்சல்

பொருள்: எண்ணெய்க் கடைப் பதிவுகள், வார அறிக்கை – ஒரு தவறு நடந்தது, ஒரு முடிவு தேவை

வணக்கம் மேடம்,

முதலில் தவறைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை மாலைப் பதிவில் "500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம்" என்ற வரி வெளியாகிவிட்டது. கடைக்காரர் அப்படி ஒரு சலுகையே தரவில்லை. கருவி எழுதியதை நான் சரிபார்க்காமல் விட்டுவிட்டேன். 40 நிமிடத்தில் பதிவை நீக்கினேன். அதற்குள் இரண்டு பேர் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் இருவருக்கும் இலவசமாகவே அனுப்புவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.

இந்த வாரம் எடுத்த வரைவுகள் 21. வெளியிட்டது 12, அதில் திருத்தி வெளியிட்டது 8, அப்படியே வெளியிட்டது 4. புதன்கிழமைப் பதிவு அந்த நான்கில் ஒன்று. கைவிட்டது 9. நான்கில் நோய் தீரும் என்ற பேச்சு இருந்தது. இரண்டில் கடையில் இல்லாத காட்சி படமாக வந்தது. இரண்டில் விலை தவறு. ஒன்று முந்தைய பதிவையே திரும்பச் சொன்னது.

வரைவு எடுக்க 2 மணி நேரம், சரிபார்த்துத் திருத்த 7 மணி நேரம் ஆனது. நாமே எழுதிய போன வாரம் மொத்தம் 10 மணி நேரம். மிச்சம் ஒரு மணி நேரம்தான்.

அதிகம் பேரைச் சென்றடைந்தது 'நல்லெண்ணெயின் நன்மைகள்' பதிவு: 2,400 பேர் பார்த்து 48 பேர் லைக், கமெண்ட், ஷேர் செய்தார்கள். கடையில் எடுத்த செக்குப் படத்தைப் போட்ட பதிவை 600 பேர்தான் பார்த்தார்கள். ஆனால் 54 பேர் லைக், கமெண்ட், ஷேர் செய்தார்கள். விலை கேட்டு வந்த 11 மெசேஜில் 9 இதைப் பார்த்து வந்தவை. ஒரே வாரம் என்பதால் இதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் முதல் கடைக்காரர் உறுதி செய்த விலை, அளவு, டெலிவரி விவரம் கொண்ட ஒரு பக்கத் தாளை வைத்துக்கொண்டுதான் வரைவு எடுப்பேன். அந்தத் தாளில் இல்லாத எந்த எண்ணும் வாக்குறுதியும் பதிவில் இருக்காது.

உங்கள் முடிவு தேவை: உடல்நலப் பதிவுகளை அடியோடு நிறுத்திவிடலாமா? திங்கள் காலைக்குள் சொன்னால் அதற்கேற்பத் திட்டமிடுகிறேன்.

நன்றி மேடம்.

இல்லாத சலுகை எங்கிருந்து வந்தது?

இலவச டெலிவரி என்று கருவிக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு எப்படி எழுதியது? இந்தக் கருவிகள் ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகியவை. ஒரு வாக்கியத்துக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்துத்தான் எழுதுகின்றன. இணையத்தில் பொருள் விற்கும் விளம்பரங்களில் 'இத்தனை ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம்' என்ற வரி அடிக்கடி வரும். எண்ணெய்க் கடைக்கு விளம்பரம் எழுதச் சொன்னதும் அந்த வரியும் பொருத்தமாகத் தோன்றி வந்துவிட்டது. இந்தக் கடையில் அது உண்மையா என்று விசாரிக்கக் கருவிக்கு வழியில்லை. நாம் விவரம் தராத இடத்தை, வழக்கமாக அங்கே என்ன இருக்குமோ அதைக் கொண்டு நிரப்பிவிடுகிறது.

இப்படி வரும் தவறு பார்க்கத் தவறு போலவே இருக்காது. எழுத்துப்பிழை இருந்தால் கண்ணில் படும். சரளமாக, எங்கோ படித்ததுபோல வரும் வரி சந்தேகத்தைக் கிளப்பாது. உதாரணத்தில் வரும் இன்டர்ன் புதன்கிழமைப் பதிவைத் திருத்தாமல் விட்டதற்கும் அதுதான் காரணம். திருத்த வேண்டியதாக அவருக்கு எதுவும் தெரியவில்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வரைவில் உள்ள ஒவ்வொரு எண்ணையும், ஊர்ப் பெயரையும், வாக்குறுதியையும், உடல்நலப் பேச்சையும் அடிக்கோடிட வேண்டும். ஒவ்வொன்றையும் பார்த்து 'இதை நமக்கு யார் சொன்னார்?' என்று கேட்க வேண்டும். விடை இல்லாததை அடித்துவிட வேண்டும். மின்னஞ்சலில் உள்ள 7 மணி நேரம் இதற்குத்தான் போகிறது.

கருவி எழுதியது என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து நழுவவும் முடியாது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பதில் சொல்லும் தானியங்கிக் கருவி, இறந்த உறவினருக்காகப் பயணம் செய்தவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. பயணம் முடிந்த பிறகும் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. நிறுவனத்தின் விதியோ அதற்கு நேர்மாறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில், தன் இணையதளத்தில் வரும் தகவலுக்கு நிறுவனமே பொறுப்பு என்று கூறி, பயணிக்கு இழப்பீடு தர உத்தரவிட்டது. வாக்குறுதி யாருடைய பெயரில் வெளியாகிறதோ அவரே அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை நம் எண்ணெய்க் கடைக்காரர் தீர்ப்பில்லாமலே உணர்ந்திருக்கிறார்.

நோய் தீர்க்கும் எண்ணெய்

கைவிட்ட ஒன்பதில் அதிகம் உடல்நலம் பற்றியவைதான். 'தினமும் ஒரு ஸ்பூன் செக்கு நல்லெண்ணெய், சர்க்கரை நோய்க்கு முற்றுப்புள்ளி' என்பது போன்ற வரிகளைக் கருவி தாராளமாக எழுதும். மரபு உணவு பற்றி இணையத்தில் இப்படித்தான் ஏராளமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2018-இல் கொண்டுவந்த விளம்பர ஒழுங்குமுறைகளின்படி, ஓர் உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. உணவு பற்றித் தவறான விளம்பரம் தந்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இன்ஸ்டாகிராமில் கடையின் கணக்கிலிருந்து போகும் பதிவும் விளம்பரம்தான்.

சில வரிகள் பொய்யாக இல்லாமலே ஏமாற்றும். 'எங்கள் கடலை எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை' என்பது அப்படிப்பட்ட வரி. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை என்றே சொல்லலாம். அதை ஒரு கடையின் தனிச்சிறப்பாகச் சொன்னால், மற்ற கடை எண்ணெயில் அது இருக்கிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

படத்துக்கும் இதே அளவுகோல்தான். செக்கு என்று கேட்டதும் கருவி மாடு சுற்றும் பழைய செக்கை அழகாக வரைந்து தந்தது. இந்தக் கடையில் ஓடுவது மோட்டார் பூட்டிய மரச்செக்கு. இன்று பல ஊர்களிலும் அப்படித்தான். மாடு பூட்டிய படத்தைப் போட்டுவிட்டு எண்ணெய் விற்றால், வாங்குபவருக்கு இல்லாத ஒன்றைக் காட்டி விற்றதாகும். இன்டர்ன் அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டுக் கடைக்காரரிடம் செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதை அந்தப் படம் காட்டியது.

எண்களை எப்படிப் படிப்பது?

2,400 பேர் பார்த்தார்கள் என்பதை மட்டும் எழுதியிருந்தால் உடல்நலப் பதிவுதான் வெற்றி என்று மேனேஜர் நினைத்திருப்பார். பார்த்தவர்களில் எத்தனை பேர் ஏதாவது செய்தார்கள் என்று கணக்கிட்டால் கதை மாறுகிறது. 2,400-இல் 48 என்பது 2 சதவீதம். 600-இல் 54 என்பது 9 சதவீதம். விலை கேட்ட மெசேஜ்கள் அதைவிட முக்கியம், ஏனென்றால் கடைக்குப் பணம் வருவது அந்த வழியில்தான்.

அவசரப்பட்டு 'ஏஐ எழுதியதைவிட நாம் எழுதியது மேல்' என்ற முடிவுக்கு வரவும் கூடாது. இரண்டு பதிவுகளிலும் படம் வேறு, விஷயம் வேறு, வெளியிட்ட நேரமும் வேறாக இருக்கலாம். எது காரணம் என்று இந்த எண்கள் சொல்லாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எல்லா நாளும் கடையில் எடுத்த படம், எல்லா நாளும் மாலை 6 மணி. ஒரு நாள் கருவி எழுதிய வரிகள், மறுநாள் நாம் எழுதிய வரிகள். இப்படிச் சில வாரங்கள் ஓடிய பிறகே ஒப்பிட்டுப் பேசலாம். ஒரே வாரம் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று இன்டர்ன் எழுதிய வரி, மேனேஜர் தவறான முடிவு எடுக்காமல் தடுக்கிறது.

பாடம் என்பது அடுத்த வாரத்து விதி

'இனி கவனமாக இருப்பேன்' என்று எழுதினால் அடுத்த வாரம் எதுவும் மாறாது. 'கடைக்காரரின் தாளில் இல்லாத எண் பதிவில் இருக்காது' என்று எழுதினால், அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜரே அந்தத் தாளையும் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துவிடலாம். அடுத்து வரும் இன்டர்னும் அதையே பின்பற்றலாம். பாடம் என்று ஒன்றை எழுதினால், அது கடைப்பிடிக்கப்பட்டதா இல்லையா என்று வேறொருவர் பார்த்துச் சொல்லும்படி இருக்க வேண்டும்.

நேரக் கணக்கையும் மறைக்கக் கூடாது. கருவி இரண்டு மணி நேரத்தில் 21 வரைவுகள் தந்தது என்பதை மட்டும் படித்தால், அடுத்த வாரம் 40 தரச் சொல்லலாமே என்று மேனேஜருக்குத் தோன்றும். சரிபார்க்க ஏழு மணி நேரம் ஆனது தெரிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்.

வார இறுதியில் இப்படி ஒரு மின்னஞ்சல் எழுத உட்காரும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியிட்டது எத்தனை என்று எழுதியபின் கைவிட்டது எத்தனை, எதனால் என்றும் எழுதுங்கள். மேனேஜர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தவறை முதல் வரியிலேயே சொன்ன இன்டர்னைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துகொண்டால் அடுத்த வாரத் தவறு உங்கள் மேசைக்கு வராது. நேராக வாடிக்கையாளரிடம் போய்விடும்.