வெளிநாட்டுக்குப் போகும் ரெஸ்யூமில் கோடிக்கணக்கு

கோவையில் பம்ப்செட் கம்பெனி ஒன்றின் விற்பனை மேலாளர் துபாய் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரெஸ்யூமில் "Rs. 18,50,00,000 sales" என்று ஒரு வரி. நமக்கு அது பதினெட்டரைக் கோடி. மூன்று மூன்று இலக்கமாகவே கமா போட்டுப் பழகிய வெளிநாட்டு மேலாளருக்கோ அது தட்டச்சுப் பிழை. "18.5 Cr" என்று சுருக்கினாலும் சிக்கல்தான். கணக்குத் துறையில் Cr என்றால் வரவு. வெறும் Rs என்பது இலங்கை, பாகிஸ்தான், நேபாள ரூபாயாகவும் இருக்கலாம். INR என்று போட்டுவிட்டால் குழப்பமில்லை.

மாற்றும் கணக்கு எளிது. கோடியைப் பத்தால் பெருக்கினால் மில்லியன். லட்சத்தைப் பத்தால் வகுத்தால் மில்லியன். 18.5 கோடி 185 மில்லியன் ரூபாய். 40 லட்சம் 4 மில்லியன். அவசரத்தில் 40 லட்சத்தை 40 மில்லியன் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. நேர்முகத் தேர்வில் யாராவது துருவிக் கேட்டால் மானம் போய்விடும்.

அடுத்தது டாலர். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பழைய விற்பனையையும் இன்றைய மாற்று விகிதத்தில் வகுக்கக் கூடாது; அந்தந்த ஆண்டின் சராசரி விகிதத்தில்தான் வகுக்க வேண்டும். 2020-21இல் டாலர் சுமார் 74 ரூபாய், 2023-24இல் சுமார் 83. நம் மேலாளரின் விற்பனை அந்த மூன்றாண்டில் 12.4 கோடியிலிருந்து 18.5 கோடியானது. டாலரில் அது சுமார் 1.7 மில்லியனிலிருந்து 2.2 மில்லியன்.

வளர்ச்சியை எதில் சொல்வது? ரூபாயில் 49 சதவீதம். டாலரில் ஏறக்குறைய 33தான். ரூபாயின் மதிப்பு இறங்கியதற்கு அவர் என்ன செய்வார்? அவர் விற்றது ரூபாயில், ஆகவே சதவீதமும் ரூபாய்க் கணக்கிலேயே இருக்கட்டும். டாலர் தொகை அளவு புரிவதற்கு மட்டும். அதை ஒரு தசமத்தோடு நிறுத்தி, about சேர்த்தால் போதும், 2.2289 மில்லியன் என்ற துல்லியம் வெறும் பாவனை.

```
Grew sales 49% in 3 years to INR 185 million,
about USD 2.2 million, year ended March 2024,
through 140 dealers
```

மார்ச் முடிவு என்று எழுதக் காரணம், பல நாடுகளில் நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது. டீலர் எண்ணிக்கை இன்னும் முக்கியம். 2.2 மில்லியன் டாலர் அமெரிக்கக் கண்ணுக்குச் சின்னக் கடை வியாபாரமாகத் தெரியலாம். 140 டீலர்களைக் கட்டி மேய்த்தவர் என்றால் வேலையின் கனம் தெரியும். பட்ஜெட்டைப் பற்றி எழுதுபவர்களும் இப்படியே எத்தனை கிளை, எத்தனை ஆள் என்று சேர்க்கலாம்.

அனுப்புமுன் ஒரு சரிபார்ப்பு: 2023-24 கணக்கென்றால் கோடித் தொகையை 8.3ஆல் வகுத்துப் பாருங்கள். வருவதுதான் மில்லியன் டாலர். ரெஸ்யூமில் வேறு எண் இருந்தால் ஒரு சைபர் எங்கோ இடம் மாறியிருக்கிறது.