விடுதி வைஃபையில் டீக்கடை

ஒரு கல்லூரி விடுதி என்று வைத்துக்கொள்வோம். 120 மாணவர்கள், ஒரே வைஃபை, ஒரே பாஸ்வேர்டு. திடீரென்று ஒரு வாரமாக, ஃபோன் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்று காட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு பழையபடிதான்.

கடைசி வருட மாணவர் ஒருவர் ரவுட்டரின் பட்டியலைத் திறந்து வார்டனிடம் காட்டினார். 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை, இருந்த 253 முகவரிகளும் தீர்ந்திருந்தன.

“ஆளுக்கொரு ஃபோன், பாதிப் பேர்கிட்ட லேப்டாப். 180-க்கு மேல போகாதே சார்?”

மிச்சம் யார்? எதிர் டீக்கடை, பக்கத்து மெஸ், கறிக்கடைப் பையன்கள். யாரும் யாருக்கும் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. பிறந்தநாளுக்கு வந்த நண்பன் ஒருவன் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தான், அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது இது:

```
WIFI:T:WPA;S:BoysHostel;P:hostel@2023;;
```

பாஸ்வேர்டு அப்படியே எழுதியிருக்கிறது. ஸ்கேன் செய்தவன் ஃபோனிலிருந்து அடுத்தவனுக்கு, அங்கிருந்து இன்னொருவனுக்கு.

“வெளியாளுங்கள மட்டும் தூக்கிடு தம்பி” என்றார் வார்டன். அதுதான் முடியாது. எல்லாரும் ஒரே பாஸ்வேர்டைச் சொல்லி உள்ளே வருவதால், வந்தது விடுதிப் பையனா டீக்கடைக்காரரா என்று ரவுட்டருக்குத் தெரியாது. கருவியின் மேக் முகவரியைத் தடுக்கலாம். ஆனால் இப்போதைய ஃபோன்கள் உண்மையான முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும். அமைப்பில் ஒன்றை மாற்றினால் தடுக்கப்பட்ட ஃபோன் புது ஆளாக வந்து நிற்கும். ஆக, ஒருவரை விலக்க 120 பேரும் மாற வேண்டும்.

மாற்றிய இரவு ரகளைதான். வைஃபை பெயர் பழையதே என்பதால் பல ஃபோன்கள் பழைய பாஸ்வேர்டையே அனுப்பித் திரும்பத் திரும்பத் தோற்றன. அந்த வைஃபையை ‘மறந்துவிடு’ என்று அழுத்திப் புதிதாகச் சேர்ந்த பிறகுதான் வழிக்கு வந்தன. விரல்ரேகை வருகைப்பதிவு இயந்திரத்தை யாரும் நினைக்கவில்லை. அதுவும் வைஃபையில்தான் இருந்தது. மறுநாள் காலை விடுதி முழுக்க ஆப்சென்ட். வார்டனோ புதிய பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்!

இதற்குச் சரியான மாற்று, ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் கேட்கும் ‘என்டர்பிரைஸ்’ வகை வைஃபை. பல பல்கலைக்கழகங்களில் உள்ள எடுரோம் இப்படித்தான் இயங்குகிறது. ஒருவருடையது கசிந்தால் அவருடையதை மட்டும் நிறுத்தலாம். ஆனால் பெயர்களைச் சரிபார்க்கத் தனி சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

நம் விடுதியில் அதற்குப் பணமில்லை. வருகிறவர்களுக்கென்று தனி ‘கெஸ்ட்’ வைஃபை திறந்தார்கள். அதன் பாஸ்வேர்டை வாராவாரம் மாற்றுவது வாட்ச்மேன் அண்ணனின் பொறுப்பு. பலகையில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, பசங்களின் பாஸ்வேர்டை அன்றே இன்னொரு முறை மாற்றினார்கள்.