பேரத்தில் சமநிலை எது? ஐந்து கேள்விகள்

பேரத்தில் சமநிலை என்பது என்ன என்று கேட்டால், “வாங்குபவரும் விற்பவரும் மனநிறைவுடன் பிரியும் நிலை” என்றே பலரும் விடையளிப்பர். கேட்பதற்கு இனிய விடைதான்; ஆனால் ஆட்டக் கோட்பாடு கூறும் சமநிலை அதுவன்று. 1950-ஆம் ஆண்டில் ஜான் நாஷ் வகுத்த இலக்கணம் மிக எளியது. எதிர்த்தரப்பு தன் முடிவை மாற்றாமலிருக்க, தான் மட்டும் மாற்றிக்கொள்வதால் எவருக்கும் கூடுதல் பயன் கிட்டாத நிலையே சமநிலை. நியாயம், திருப்தி, பொதுநன்மை ஆகிய எதுவும் இந்த இலக்கணத்தில் இடம்பெறவில்லை.

ஆட்டக் கோட்பாடு குறித்து உரை நிகழ்த்துவோர், கேட்போர் இவ்வேறுபாட்டை உணர்ந்தனரா என்று அறிய, அன்றாடப் பேரம் ஒன்றையே கேள்விகளாக அமைக்கலாம். ஒரு பழைய இருசக்கர வாகனத்தை எடுத்துக்கொள்வோம். விற்பவருக்கு ஒரு வியாபாரி ரூ.40,000 தர இசைந்துள்ளார். ஆகவே அதற்குக் குறைவாக அவர் விற்கமாட்டார். வாங்குபவருக்கு இதே போன்ற வண்டி வேறோரிடத்தில் ரூ.50,000-க்குக் கிடைக்கிறது, ஆகவே அதற்கு மேல் அவர் தரமாட்டார். இவ்விரு எல்லைகளையும் இருவரும் அறிவர். இடையிலுள்ள ரூ.10,000-ஐ எவ்வாறு பகிர்வது என்பதே பேரம்.

பேரத்திற்கு ஒரு விதி வைப்போம். இருவரும் ஒருவர் அறியாமல் மற்றவர் ஒரு சீட்டில் விலை எழுதவேண்டும். வாங்குபவர் எழுதிய தொகை, விற்பவர் எழுதியதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால், இரண்டின் சராசரிக்கு விற்பனை முடியும். குறைவாக இருந்தால் விற்பனை இல்லை.

முதல் கேள்வி: வாங்குபவர் 48,000 என்றும் விற்பவர் 42,000 என்றும் எழுதினர். விலை 45,000. இருவருக்கும் தலா 5,000 ஆதாயம். இது சமநிலையா?

“ஆம்” என்போரே மிகுதியாக இருப்பர். ஆனால் இது சமநிலை அன்று. விற்பவரின் சீட்டு 42,000 என்றே இருக்கட்டும். வாங்குபவர் மட்டும் தம் தொகையை 42,000 ஆகக் குறைத்திருந்தால், விலை 42,000 ஆகியிருக்கும். அவருக்கு மேலும் 3,000 மிச்சம். விற்பவரும் அவ்வாறே தம் தொகையை 48,000 ஆக உயர்த்தியிருக்கலாம். இருவரும் மகிழ்ந்திருப்பது வேறு. மாற்றிக்கொள்ளக் காரணம் இல்லாதிருப்பது வேறு.

இரண்டாம் கேள்வி: இருவரும் 41,000 என்றே எழுதினர். வாங்குபவருக்கு 9,000 ஆதாயம். விற்பவருக்கு 1,000 மட்டுமே. இது சமநிலையா?

இது சமநிலையே. விற்பவர் ஒரு ரூபாய் கூட்டி எழுதினாலும் விற்பனை நின்றுவிடும். உள்ள 1,000-மும் போய்விடும். குறைத்து எழுதினால் விலைதான் குறையும். வாங்குபவர் குறைத்தால் வண்டி கிட்டாது. கூட்டினால் வீண் செலவு. பங்கீடு நியாயமற்றதாகத் தோன்றலாம். எனினும் தனித்து மாறுவதால் எவருக்கும் பயனில்லை. இதே காரணத்தால், இருவரும் ஒரே தொகையை எழுதினால், 40,000 முதல் 50,000 வரை எந்தத் தொகையும் சமநிலையே. அவற்றுள் எது நிகழும் என்பதை இந்த இலக்கணம் மட்டும் சொல்லிவிடாது.

மூன்றாம் கேள்வி: வாங்குபவர் 38,000 என்றும் விற்பவர் 52,000 என்றும் எழுதினர். விற்பனை நடைபெறவில்லை. இது சமநிலையா?

விற்பனை முறிந்ததைச் சமநிலை என ஏற்க மனம் தயங்கும். கணக்கிட்டுப் பார்ப்போம். வாங்குபவர் மட்டும் மாறி வண்டியைப் பெற விரும்பினால், 52,000 எழுதவேண்டும். அது அவருடைய எல்லைக்கு மேல் 2,000. விற்பவர் மட்டும் மாறினால், 38,000-க்கு இறங்கவேண்டும். அது அவருடைய எல்லைக்குக் கீழ் 2,000. எனவே தனித்து மாறுவதால் இருவருக்கும் நட்டமே, இதுவும் சமநிலைதான். இருவரும் ஒருசேர மாறினால் இருவருக்கும் நன்மை உண்டு. ஆனால் சமநிலையின் இலக்கணம் ஒருசேர மாறுவதைக் கருதுவதில்லை. பிடிவாதம் இருபுறமும் நிலைபெற்ற பேரங்கள் முறிந்தே கிடப்பதன் காரணம் இதில் விளங்கும்.

இங்கே ஒரு துணைக்கேள்வியும் கேட்கலாம். சீட்டுகள் 39,000, 45,000 என இருந்தால்? இப்போதும் விற்பனை இல்லை. ஆனால் இது சமநிலை அன்று. வாங்குபவர் தாம் மட்டும் 45,000-க்கு உயர்ந்தாலே 5,000 ஆதாயம் பெறுவார். விடையை மனப்பாடமாகச் சொல்பவர் இங்கே தடுமாறுவார்.

நான்காம் கேள்வி: விற்பவருக்கு மற்றொரு வியாபாரி 44,000 தர முன்வருகிறார். 41,000 என்ற பழைய சமநிலை நிலைக்குமா? 45,000 என்பது நிலைக்குமா?

41,000 நிலைக்காது. விற்பவர் கூட்டி எழுதி இவ்விற்பனையைத் தவிர்த்து, அந்த வியாபாரியிடம் சென்றாலே 3,000 கூடுதலாகக் கிட்டும். 45,000 என்பதோ நிலைக்கும். வெளியில் கிடைக்கும் 44,000-ஐ விட அது மிகுதியே. ஆக, வெளியிலுள்ள மாற்று வாய்ப்பு சமநிலை விலைகளின் எல்லையைக் குறுக்குகிறது. எல்லைக்குள் ஏற்கெனவே உள்ள விலையை அது தானாக உயர்த்திவிடுவதில்லை.

ஐந்தாம் கேள்வி: இப்போது சீட்டுகள் இல்லை, மாற்று வாய்ப்பும் பழையபடி 40,000 மட்டுமே. விற்பவர் ஒரு விலை கூறுவார். வாங்குபவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். “42,000-க்கு மேல் ஒரு ரூபாயும் தரமாட்டேன்” என்று வாங்குபவர் முன்கூட்டியே அறிவிக்கிறார். விற்பவர் அதை நம்பி 42,000 கூறினால் அது சமநிலையா?

நாஷின் இலக்கணப்படி சமநிலையே. அறிவித்தபடி வாங்குபவர் மறுப்பார் எனில், விற்பவர் கூட்டிச் சொல்வதால் பயனில்லை. ஆனால் விற்பவர் துணிந்து 48,000 என்று கூறிவிட்டால் என்ன ஆகும்? மறுத்தால் வாங்குபவர் தம்முடைய 2,000 ஆதாயத்தையே இழப்பார். ஆதாயம் ஒன்றையே கருதுபவர் மறுக்கமாட்டார். எனவே அந்த எச்சரிக்கை நம்பத்தக்கதன்று. நிறைவேற்ற மனம்வராத எச்சரிக்கையின் மீது நிற்கும் சமநிலைகளை விலக்கும் முறையை ரெயின்ஹார்ட் செல்டன் 1965-இல் அளித்தார். நாஷ், செல்டன், ஹர்சானி ஆகிய மூவரும் 1994-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

இவ்விடைக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒருவர் பங்கீட்டை முன்மொழிய, மற்றவர் ஏற்கவோ மறுக்கவோ செய்யும் சோதனையை ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் அவருடன் பணியாற்றியோரும் நடத்தி, 1982-இல் முடிவுகளை வெளியிட்டனர். மிகச் சிறிய பங்கு தரப்பட்டபோது, அதனையும் இழந்து மறுத்தவர்கள் இருந்தனர். மனிதர் பணத்தோடு மதிப்பையும் கணக்கில் கொள்கின்றனர். அவ்வாறு கொள்பவரின் எச்சரிக்கை வெற்றுச்சொல் அன்று.

மற்றொரு வரம்பும் உண்டு. உண்மைப் பேரத்தில் மற்றவருடைய எல்லை நமக்குத் தெரியாது. மேற்கண்ட சீட்டு முறையைக் கல்யாண் சாட்டர்ஜியும் வில்லியம் சாமுவல்சனும் 1983-இல் அந்நிலைக்கே ஆராய்ந்தனர். விற்பவர் தம் எல்லையைக் கூட்டியும் வாங்குபவர் குறைத்தும் எழுதவே தூண்டப்படுவர். அதனால் இருவருக்கும் ஆதாயமான விற்பனைகளும் சில தவறிப்போகும் என்று அவர்கள் காட்டினர்.

இக்கேள்விகளை மதிப்பிடுவோர் “ஆம்”, “இல்லை” என்ற சொல்லுக்கு மதிப்பெண் தரலாகாது. ஒரு சீட்டை அசையாமல் வைத்து, மற்றொன்றை மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்த்து, பின்னர் அதனையே மறுபக்கத்திற்கும் செய்தாரா என்பதையே காணவேண்டும். ஒரு பக்கத்தைச் சோதித்து நிறுத்தியவர் தற்செயலாகச் சரியான விடையை அடைந்திருக்கலாம். இரு பக்கமும் சோதித்தவரே சமநிலையை அறிந்தவர்.