திசை மாறும் இடங்களை மட்டும் எண்ணுங்கள்

4, 9, 9, 12, 7, 3, 3, 8 என்ற வரிசையில் சில எண்களை நீக்கலாம். இடம் மாற்றக் கூடாது. மீதி எண்கள் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி என மாறிமாறிச் செல்ல வேண்டும். அதிகபட்சம் எத்தனை எண்கள் மிஞ்சும்?

எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க வேண்டாம். இடமிருந்து வலமாக ஒரே ஒரு நடை போதும். முதல் எண்ணுக்கு 1. பிறகு முதல் ஏற்றத்துக்கு ஒன்று, 12-க்குப் பின் வரும் இறக்கத்துக்கு ஒன்று, 3-க்குப் பின் வரும் ஏற்றத்துக்கு ஒன்று. ஆக 4. மிஞ்சுபவை 4, 12, 3, 8.

இதற்கு மேல் ஏன் முடியாது? தொடர்ந்து ஏறும் பகுதிக்குள் எத்தனை எண்கள் இருந்தாலும் ஓர் ஏற்றம்தான் கிடைக்கும். அதன் உச்சியை வைத்துக்கொண்டால் அடுத்த இறக்கம் தவறவே தவறாது.

பலரும் சறுக்குவது 9, 9 என்ற சமதளத்தில். அங்கே பழைய திசையை மறந்துவிட்டால், 12-க்கான ஏற்றம் புதிதாக எண்ணப்பட்டு விடை 5 ஆகிவிடும். எண்கள் சமமாக இருந்தால் திசையைத் தொடாதீர்கள்.