எழுபத்தெட்டாயிரம் எங்கே போச்சு?

பி.காம். படித்தது ஒரு குற்றமா, சொல்லுங்கள்! எங்கள் தெருவில் யாருக்கு வருமான வரி நோட்டீஸ் வந்தாலும் தண்டனை எனக்குத்தான்.

2025 நவம்பரில் ஒரு ஞாயிறு காலை. சாப்பாடு டெலிவரி செய்யும் பக்கத்து வீட்டுத் தம்பி, செல்போனும் கையுமாக ஓடி வந்தான்.

"அண்ணே, கம்பெனிக்காரன் பொய்க் கணக்கு எழுதிட்டான்!"

விஷயம் இதுதான். 2024-25ல் அவனுக்கு 3,84,000 ரூபாய் கொடுத்ததாகக் கம்பெனியின் வருஷ ஸ்டேட்மென்ட் சொல்கிறது. பாங்க்கில் விழுந்ததோ 3,06,000. தம்பி பாஸ்புக்கை நம்பி அதையே ரிட்டர்னில் வரவாக எழுதிவிட்டான். 'வித்தியாசம் ஏன்?' என்கிறது வரி இலாகா. ஏ.ஐ.எஸ். பக்கத்தில் 'Information is denied' என்பதை அமுக்க விரல் தயார்!

"விரலை எடுப்பா முதல்ல!" என்றேன்.

26ஏ.எஸ்.ஸைத் திறக்கச் சொன்னேன். கம்பெனி பிடித்த டி.டி.எஸ். 3,840. ஒரு பர்சென்ட் பிடித்திருக்கிறார்கள். நூறால் பெருக்கினால் அச்சாக 3,84,000! ஆக, இலாகா பார்ப்பது பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையை.

"கஸ்டமர் கையில கொடுக்கிற காசை என்ன பண்ணுவே?"

"நானே வெச்சுப்பேன். கம்பெனி அதைக் கழிச்சிட்டு மீதியைப் போடும்."

அங்கேதான் முடிச்சு! 52 வாரச் சீட்டுகளையும் கூட்டினோம். அப்படிக் கழித்தது மட்டும் 71,560. பாங்க் வழியாக வராமல் சட்டைப்பை வழியாக வந்த கூலி.

டி.டி.எஸ்.ஸையும் சேர்த்தால் 75,400. இன்னும் 2,600 உதைத்தது. 2025 மார்ச் கடைசி வாரத்துக் கூலி 7,000 பாங்க்குக்கு வந்தது ஏப்ரலில். அதேபோல் 2024 மார்ச் கடைசி வாரத்து 6,000, இந்த வருஷ ஏப்ரல் வரவில் உட்கார்ந்திருந்தது. கூட்டிக் கழித்தால் ஆயிரம். பாக்கி 1,600? பைக்கும் டி-ஷர்ட்டுக்கும் பிடித்தது என்று ஒரு சீட்டு காட்டிக்கொடுத்தது. 78,000 நேராகிவிட்டது!

இதில் எதுவுமே 'வராத பணம்' இல்லை. டி.டி.எஸ். அவன் பெயரில் கட்டிய வரி. பை, டி-ஷர்ட் செலவுக் கணக்கு. மறுத்திருந்தால் இலாகா கம்பெனியைக் கேட்கும். கம்பெனி 'எங்கள் கணக்கு சரி' என்று சொல்லிவிட்டுப் போகும். மாட்டிக்கொள்வது தம்பி!

வரவு 3,84,000 என்று திருத்திய ரிட்டர்ன் போட்டோம். அதற்கு டிசம்பர் 31 வரை டயம் இருந்தது. வேறு வருமானம் இல்லாததால் புதிய முறையில் வரி பூஜ்யம். 3,840ஐத் திருப்பிக் கேட்கலாம். வாரச் சீட்டுகளை மட்டும் பத்திரமாக வைக்கச் சொன்னேன், அவைதான் சாட்சி.

தம்பி தலையைச் சொறிந்தான். "எல்லாம் சரிண்ணே... கையில வந்த அந்த எழுபத்தோராயிரம் எங்கே போச்சு?"

"அதை பெட்ரோல் பங்க்ல போய்க் கேளு!"