தொலைந்த இசைத்தாளைச் சொல்லால் மீட்டல்

மெட்டுகுடாவில் வாழும் மாணவி ஒருத்தி கீபோர்டு கற்று வருகிறாள் எனக் கொள்வோம். தான் பயிலும் இசைத்தாளை அவள் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தாள். அப்படம் அழிந்துவிட்டது. தாளோ பாளையங்கோட்டையில் உள்ள மாமாவின் வீட்டில் இருக்கிறது. மாமா தாளைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்ல, அவள் கேட்டு எழுத வேண்டும். எவற்றை, எந்த வரிசையில் சொன்னால் இசை பிழையின்றி வந்து சேரும்?

அத்தாளில் உள்ள மெட்டு இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டு. அதற்கும் நமக்கும் தொடர்பு உண்டு. 1835ஆம் ஆண்டு மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், மேலைநாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல்கள் இயற்றினார். அவற்றை நோட்டுசுவரங்கள் என்பர். அவற்றுள் ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது இம்மெட்டில் அமைந்ததாகும்.

மேலையிசையை ஐந்து கிடைக்கோடுகளின் மேல் எழுதுவர். கோடுகளைக் கீழிருந்து மேலாக எண்ண வேண்டும். முதலில் மாமா சொல்ல வேண்டியது, இடக்கோடியில் உள்ள வளைந்த குறியை. அது டிரெபிள் கிளெஃப் ஆனால், அதன் சுருள் இரண்டாம் கோட்டைச் சுற்றியிருக்கும். அக்கோட்டின் சுரம் ஜி. அதிலிருந்து மற்றச் சுரங்களின் இடங்களை எண்ணி அறியலாம்.

அடுத்தது சுருதிக் குறி. மாமாவின் தாளில் ஐந்தாம் கோட்டின் மேல் ஒரே ஒரு ஷார்ப் உள்ளது. ஐந்தாம் கோடு எஃப் சுரத்துக்கு உரியது. ஆகவே, தாளில் எங்கு எஃப் வந்தாலும், அது கீழே இருந்தாலும், அதை அரைச்சுரம் உயர்த்தி எஃப் ஷார்ப் என வாசிக்க வேண்டும். சுரத்தின் அருகில் மீண்டும் ஷார்ப் எழுதியிராது. மாமா இக்குறியைச் சொல்ல மறந்தால், மாணவி எஃப் சுரத்தை உயர்த்தாமல் வாசிப்பாள்; மெட்டு இரண்டாம் கட்டத்திலேயே பிசகும்.

ஒரு ஷார்ப் மட்டும் இருந்தால், சுருதி ஜி மேஜராகவோ ஈ மைனராகவோ இருக்கலாம். எது என அறிய, மெட்டு முடியும் சுரத்தைக் கேட்க வேண்டும். இம்மெட்டு ஜி சுரத்தில் முடிகிறது. எனவே இது ஜி மேஜர். ஜி சுரத்தை ‘ச’ என வைத்தால், இது சங்கராபரண ராகத்தின் சுரவரிசையே.

மூன்றாவது தாளக் குறி. இங்கே 3 மேலும் 4 கீழுமாக எழுதப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண்ணிக்கை உண்டு. ஓர் எண்ணிக்கை ஒரு குரோட்செட் அளவுடையது என்பது இதன் பொருள்.

இப்போது சுரங்களைச் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் பெயர், இடம், அளவு ஆகிய மூன்றும் வேண்டும். தொலைபேசியில் ‘பி’யும் ‘டி’யும் ஒன்றுபோல் கேட்கும். ‘மூன்றாம் கோட்டில் பி’, ‘நான்காம் கோட்டில் டி’ என்றால் ஐயம் இராது. மேல் ஜி, கீழ் ஜி என்னும் குழப்பமும் இடத்தைச் சொன்னால் நீங்கும்.

முதற்கட்டம்: இரண்டாம் கோட்டில் ஜி, மீண்டும் ஜி, அதற்கு மேலுள்ள இடைவெளியில் ஏ. மூன்றும் குரோட்செட். நம் முறையில் ச, ச, ரி.

இரண்டாம் கட்டம்: முதல் இடைவெளியில் எஃப், குரோட்செட், அதன் அருகே ஒரு புள்ளி, பிறகு ஜி, குவேவர், பிறகு ஏ, குரோட்செட். நம் முறையில் கீழ் நி, ச, ரி.

மாணவி எழுதியதைத் தானே சரிபார்க்கலாம். புள்ளி, சுரத்தின் அளவில் பாதியைக் கூட்டும். ஆகவே எஃப் ஒன்றரை, ஜி அரை, ஏ ஒன்று, கூட்டினால் மூன்று. மாமா புள்ளியைச் சொல்லாமல் விட்டிருந்தால் கூட்டுத்தொகை இரண்டரை ஆகும். அப்போது அந்தக் கட்டத்தை மட்டும் மீண்டும் கேட்டால் போதும்.

ஆனால், கூட்டல் அளவுப் பிழையை மட்டுமே காட்டும். ஏ சுரத்தைப் பி என எழுதினாலும் கூட்டுத்தொகை மாறாது. அப்பிழையைப் பாடிப் பார்த்தோ, இடத்தை மீண்டும் கேட்டோதான் அறிய இயலும்.

பயிற்சி

மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் ஒரு கட்டம் இவ்வாறு சொல்லப்பட்டது: ‘ஜி, புள்ளியுள்ள குரோட்செட், ஏ, குரோட்செட்.’ இக்கட்டத்தில் எவ்வளவு குறைகிறது? விடுபட்ட சுரத்தை அறிய, சொன்னவரிடம் நீ கேட்க வேண்டிய வினாக்களை எழுதுக.